புரையேறிய கஞ்சியும் ஏழு நாள் மருந்தும்

பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படும் 78 வயதுப் பாட்டி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கஞ்சி புரையேறுகிறது. மாலையில் காய்ச்சல், மூச்சிரைப்பு. இது உடனே கிருமித் தொற்றாகிவிடாது. உள்ளே போன உணவும் இரைப்பை அமிலமும் நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கலாம். அது பெரும்பாலும் இரண்டு நாளில் தணியும், ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. நிலைமை மோசமாக இருந்தால் மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிட்டு, 48 மணி நேரத்தில் தெளிந்தால் நிறுத்திவிடுவார்.

தெளியாமல் சளி பழுத்து, ஆக்சிஜன் குறைந்தால் அது நிமோனியா. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பம் மட்டும் அடையாளமாக வருவதும் உண்டு.

வாயிலுள்ள, காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கென்று மெட்ரோனிடசோலையும் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். சீழ்க்கட்டி இருப்பதாகச் சந்தேகம் இல்லாவிட்டால் அது தேவையில்லை என்கிறது 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி. என் பார்வையிலும் அதுவே சரி. கூடுதல் மருந்து முதியவர்களின் குடலைக் கெடுத்துக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். ஊசியாக ஆம்பிசிலின்-சல்பாக்டம் அல்லது செஃப்ட்ரியாக்சோன், மாத்திரையாக அமாக்சிசிலின்-கிளாவுலனேட் பெரும்பாலும் போதும். அண்மையில் மருத்துவமனையில் தங்கியவர்களுக்குச் சளிப் பரிசோதனை பார்த்து மாற்ற வேண்டிவரும்.

பாட்டிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு மூச்சு சீரானால், ஐந்து முதல் ஏழு நாளில் மருந்தை முடிக்கலாம். எக்ஸ்ரேயில் நிழல் சில வாரம் நீடிக்கும். அதற்காக மருந்தை நீட்ட வேண்டாம். காய்ச்சல் விடாவிட்டால் ஸ்கேன் எடுத்துச் சீழைத் தேட வேண்டும். இருந்தால் சிகிச்சை வாரக்கணக்கில் போகும்.

மருந்து தொடங்கும் நாளிலேயே, எந்த நாளில் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்கும் பரிசோதனையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.