ராஜினாமாவும் மருத்துவக் காப்பீடும்: எச்.ஆர். கடிதத்தில் இருக்க வேண்டிய தேதி

வேலையை விடுபவருக்கு எச்.ஆர். அனுப்பும் மின்னஞ்சலில் லேப்டாப்பை எங்கே ஒப்படைப்பது, பி.எஃப். என்ன ஆகும் என்பதெல்லாம் விவரமாக இருக்கும். மருத்துவக் காப்பீட்டைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான்: 'கடைசி வேலை நாளோடு தங்கள் குழுக் காப்பீடு முடிவடைகிறது.' அந்த வரி உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு ஊழியருக்கு என்ன வழி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

அமெரிக்காவில் கோப்ரா என்ற சட்டப்படி, வேலையை விட்டவர் முழுப் பிரீமியத்தையும் தானே கட்டி, பொதுவாக 18 மாதம் வரை அதே குழுத் திட்டத்தில் தொடரலாம். இந்தியாவில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. குழுவை விட்டு வெளியேறியவர் குழு பாலிசியில் நீடிக்க முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தரும் வழி வேறு. குழு பாலிசியை நடத்தும் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்ப பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். இதற்கு மைக்ரேஷன் என்று பெயர். வேறு நிறுவனத்துக்குப் போவதுதான் போர்ட்டிங். வழக்கமான பாதை, முதலில் அதே நிறுவனத்தில் மாறிக்கொண்டு, அடுத்த புதுப்பித்தலின்போது வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்வது. அந்த விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது.

புதிதாக ஒரு பாலிசி வாங்கிவிட்டால் போயிற்று, எதற்கு இந்தச் சுற்று? காரணம், காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குத் தனிநபர் பாலிசிகள் அதிகபட்சம் 36 மாதம் வரை பணம் தராமல் இருக்கலாம். குழுவில் கழித்த காலம் மைக்ரேஷனில் இதிலிருந்து கழிக்கப்படும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கோவையில் ஒரு மென்பொருள் ஊழியர் செப்டம்பர் 1 அன்று ராஜினாமா செய்கிறார். நவம்பர் 30 கடைசி நாள். சர்க்கரை நோய் உள்ள அம்மாவும் குழு பாலிசியில் 2 ஆண்டுகளாக 5 லட்சத்துக்கு இருக்கிறார். புதிதாக பாலிசி எடுத்தால் அம்மா 3 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். மாறினால் 1 ஆண்டு போதும். மகன் தொகையை 10 லட்சமாக உயர்த்தினால், பழைய 5 லட்சத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. கூடுதல் 5 லட்சத்துக்கு 3 ஆண்டும் புதிதாகத் தொடங்கும். இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள். குழுவில் முதல் நாளிலிருந்தே சர்க்கரைக்குப் பணம் கிடைத்தது என்பதால் புதிய பாலிசியிலும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கழித்த காலம்தான் கூட வரும், குழுவின் தாராளம் வராது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இது விண்ணப்பிக்கும் உரிமைதான், கட்டாயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. நிறுவனம் வயதையும் உடல்நிலையையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும், மறுக்கவும் செய்யலாம். பிரீமியமும் வயதுக்கேற்பத்தான். அதனால்தான் நேரம் தேவைப்படுகிறது. மைக்ரேஷன் விண்ணப்பத்தைப் பொதுவாக 30 நாள் முன்பே கேட்கிறார்கள். கோவை ஊழியர் அக்டோபர் 31-க்குள் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு. வெளியேறிய பிறகும் சில பாலிசிகள் சில நாள் அவகாசம் தருவதுண்டு, ஆனால் அது அந்தந்த பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. ஆகவே எச்.ஆர். கடிதத்தில் 'உரிய காலத்துக்குள்' என்று இருந்தால் போதாது. தேதியே இருக்க வேண்டும்.

உருப்படியான ஒரு கடிதம் இப்படி இருக்கும்: 'தங்கள் காப்பீடு நவம்பர் 30 நள்ளிரவு முடிகிறது. தாங்களும் தங்கள் தாயாரும் இந்தந்தத் தேதிகளிலிருந்து, தலா இவ்வளவு தொகைக்கு இதில் இருக்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனம் இது, பாலிசி எண் இது. தனிநபர் பாலிசிக்கு மாற விரும்பினால் அக்டோபர் 31-க்குள் இந்த முகவரியில் விண்ணப்பிக்கவும். ஏற்பதும் மறுப்பதும் காப்பீட்டு நிறுவனத்தின் முடிவு.'

இதில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் முக்கியம். இ-கார்டில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் டி.பி.ஏ.வின் பெயர்; க்ளெய்ம் வேலையைப் பார்க்கும் இடைநிலை அமைப்பு அது. பாலிசி தருவது அதன் வேலை இல்லை. அங்கே விண்ணப்பத்தை அனுப்பி, பதிலுக்காகக் காத்திருந்தே நாள் போய்விடும்.

சேர்ந்த தேதிகளும் அதே அளவு முக்கியம். கம்பெனிகள் ஆண்டுதோறும் பிரீமியம் பேரம் பேசிக் காப்பீட்டாளரை மாற்றுவது சகஜம். அப்படி மாறியிருந்தால் தற்போதைய நிறுவனம் தன்னிடம் இருந்த காலத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. முந்தைய ஆண்டுகளுக்கான சான்று எச்.ஆரிடம்தான் இருக்கும். அதை நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். வெளியேறும் நாளில் அலுவலக மின்னஞ்சல் முடக்கப்பட்டுவிடும் என்பதால், பதில் வர வேண்டிய முகவரியாகச் சொந்த மின்னஞ்சலைக் கொடுப்பது நல்லது.