மாடல் ஒன்றுதான், பெயர் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

கிளாட் இணையதளத்தில் ஒரு மாணவி "என் பெயர் மலர்விழி" என்று எழுதுகிறார். அடுத்த வரியில் "என் பெயர் என்ன?" என்று கேட்டால் சரியான பதில் வருகிறது. இதே இரண்டு வரிகளையும் பைத்தான் நிரலிலிருந்து ஏபிஐ வழியாகத் தனித்தனியாக அனுப்பிப் பார்க்கிறார். பெயர் தெரியாது என்றே பதில் வருகிறது.

இது நிரலின் பிழை அல்ல. ஓர் அழைப்பு முடிந்ததும் மாடல் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இணையதளம்தான் உரையாடலைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு கேள்வியோடும் பழைய பேச்சையும் சேர்த்து அனுப்புகிறது. ஏபிஐயில் அந்த வேலை நிரல் எழுதுபவருடையது. இரண்டாவது அழைப்பில் மலர்விழி அனுப்ப வேண்டியது இது:

```python
messages = [
  {"role": "user", "content": "என் பெயர் மலர்விழி"},
  {"role": "assistant", "content": "வணக்கம், மலர்விழி!"},
  {"role": "user", "content": "என் பெயர் என்ன?"}
]
```

இணையதளம் சத்தமில்லாமல் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. பயனர் எழுதுவதற்கு முன்பாக ஒரு நீண்ட குறிப்பை அது மாடலுக்குக் கொடுத்துவிடுகிறது. பதிலின் தொனி எப்படி இருக்க வேண்டும், இன்றைய தேதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கிளாட் தளத்துக்கான இந்தக் குறிப்புகளை ஆந்த்ரோபிக் நிறுவனம் பொதுவில் வெளியிடுகிறது. ஏபிஐக்கு அவை பொருந்தாது என்றும் சொல்கிறது. ஆகவே "இன்று என்ன தேதி?" என்ற கேள்விக்கு நிரலில் தவறான விடை வந்தால், தேதியை `system` என்ற இடத்தில் நாமே எழுதித் தர வேண்டும்.

பணக்கணக்கும் வேறு. இணையதளத்துக்குக் கட்டும் மாதச் சந்தா ஏபிஐக்குச் செல்லாது. அங்கே அனுப்பும் டோக்கனுக்கும் பெறும் டோக்கனுக்கும் தனித்தனியே கட்டணம். டோக்கன் என்பது மாடல் படிக்கும் சிறு எழுத்துத் துண்டு.

ஒரு கேள்விக்கு 100 டோக்கன், பதிலுக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். முதல் அழைப்பில் 100 டோக்கன்தான் போகிறது. பத்தாவது அழைப்பிலோ, முந்தைய ஒன்பது கேள்வி பதில்களின் 4,500 டோக்கனும் கூடவே போவதால், மொத்தம் 4,600 ஆகிவிடுகிறது. பத்துக் கேள்விகளுக்கும் சேர்த்து மலர்விழி எழுதியது 1,000 டோக்கன். அனுப்பிய கணக்கில் ஏறுவது 23,500.

ஒவ்வொரு பதிலோடும் வரும் `usage` பகுதியில் `input_tokens` எண்ணைப் பார்த்தால் இந்த ஏற்றம் தெரியும். பழைய பேச்சைச் சுருக்கி அனுப்பினால் எண் குறையும். ஆனால் சுருக்கத்தில் விட்டுப்போன விவரம் மாடலுக்குத் தெரியாது என்பதால், பெயர் போன்ற தேவையான தகவல்களை `system` பகுதியில் எழுதி வைத்துவிட்டுச் சுருக்குவது பாதுகாப்பானது.