நீலத்தைப் பறிகொடுத்த ஒளி

வானம் ஏன் நீலம், அந்தி ஏன் சிவப்பு என்று பிள்ளைகள் தனித்தனியாகக் கேட்கிறார்கள். நாமும் தனித்தனியாகவே பதில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், சில சொட்டுப் பால், ஒரு டார்ச் இருந்தால் வீட்டிலேயே அதைப் பார்த்துவிடலாம்.

உயரமான, பூ வேலைப்பாடு இல்லாத டம்ளராக எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி, அறையை இருட்டாக்குங்கள். டம்ளரின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒளி பாயும்படி டார்ச்சைப் பிடியுங்கள். வெள்ளை எல்.இ.டி. டார்ச் நல்லது. பழைய குண்டு பல்பு டார்ச்சின் ஒளியில் நீலம் முதலிலேயே குறைவு. வெறும் தண்ணீரில் ஒளி போகும் தடம் பக்கவாட்டில் அநேகமாகத் தெரியாது. இதை முதலில் பார்த்து வைத்துக்கொள்வது முக்கியம்.

இனி ஒரு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். பிறகு இன்னொரு சொட்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால், டார்ச்சுக்கு அருகே தண்ணீர் மங்கலான நீலமாக ஒளிரத் தொடங்கும். டம்ளரின் வாய்க்கு மேல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், அதில் விழும் ஒளி மெல்ல மஞ்சளாகும், இன்னும் சில சொட்டுகளில் ஆரஞ்சுக்குப் போகும். டார்ச்சை மாற்றவில்லை, வண்ணம் எதையும் சேர்க்கவில்லை. தாளை எட்டிய ஒளியில் எந்த நிறம் குறைந்ததோ, அதுதான் பக்கவாட்டில் நீலமாகத் தெரிகிறது.

பாலில் கேசின் என்ற புரதம் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. அவை ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியவை. அத்தகைய துகள்கள் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் வேகமாகக் கூடும். 1871-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே இதற்குக் கணக்கு போட்டார். மிகச் சிறிய துகள்களுக்கு அவர் கண்ட விதிப்படி, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல் சிதறும். வானத்தில் இந்த வேலையைச் செய்பவை காற்றின் மூலக்கூறுகளே, தூசி தேவையில்லை என்பதையும் 1899-இல் அவரே காட்டினார். கேசின் துகள்கள் மூலக்கூறுகளை விட மிகப் பெரியவை. அதனால்தான் டம்ளரின் நீலம் வானத்தின் நீலம் அளவுக்குத் தெளிவாக இருப்பதில்லை.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பால் அதிகமாகிவிடுவது. டம்ளர் முழுவதும் வெளுத்துவிட்டால், ஒளி உள்ளேயே பலமுறை சிதறி எல்லா நிறங்களும் கலந்து வெளியே வருகிறது என்று பொருள். பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் சேர்த்தால் சரியாகிவிடும். கொழுப்பு நீக்கிய பால் இன்னும் நல்ல பலன் தரும். கொழுப்புத் துளிகள் பெரியவை; அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெண்மைதான் மிஞ்சும். மேகம் வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான், அதிலுள்ள நீர்த்துளிகள் பெரியவை.

டம்ளரிலிருந்து வானத்துக்கு வருவோம். உச்சி வெயிலில் சூரிய ஒளி நம் தலைக்கு மேலுள்ள காற்றை நேராகக் கடந்து வருகிறது. சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதே ஒளி சாய்ந்து வருவதால், கடக்க வேண்டிய காற்றின் அளவு ஏறக்குறைய 38 மடங்காகிறது. மார்ச் 21-ஐ ஒட்டிய ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். அன்று சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. சென்னைக்கு நேர் மேற்கே, ஏறக்குறைய 290 கிலோமீட்டரில் பெங்களூரு. சென்னைக்காரர் பார்க்கும் கடைசிக் கதிர், பூமியின் வளைவு காரணமாக, கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆறேழு கிலோமீட்டர் உயரத்தில் பெங்களூருவைத் தாண்டி வந்திருக்கிறது. அங்கே சூரியன் மறைய இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அந்தக் கதிர் வழியில் இழந்த நீலம், பெங்களூருக்காரர் அண்ணாந்து பார்க்கும் வானத்தின் நீலத்தில் ஒரு பங்கு.

ஊதாவின் அலைநீளம் நீலத்தை விடக் குறைவு, அப்படியானால் வானம் ஏன் ஊதாவாக இல்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கு அதை உணரும் திறனும் குறைவு. இரண்டும் சேர்ந்து நீலத்தை முன்னே நிறுத்துகின்றன.

போலராய்டு குளிர்கண்ணாடி இருந்தால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். டம்ளரின் நீலத்தைப் பக்கத்திலிருந்து அதன் வழியே பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள், நீலம் மங்கும், மீண்டும் துலங்கும். பிறகு மாலையில் மேற்கே சூரியன் இறங்கும் நேரம், மேகமில்லாத வடக்கு வானத்தை அதே மாதிரி பாருங்கள். அங்கும் அதேபோல் மங்கித் துலங்கும். நேராக வரும் சூரிய ஒளிக்கு இந்தக் குணம் கிடையாது. காற்றில் பட்டுப் பக்கவாட்டில் சிதறி வந்த ஒளிக்குத்தான் உண்டு.