குடல்வால் அழற்சி: மருந்தே போதுமா?

குடல்வால் வீங்கினால் வெட்டித்தான் ஆகவேண்டுமா? எல்லோருக்கும் அல்ல. பின்லாந்தில், சிக்கலில்லாத அழற்சி என்று சி.டி. ஸ்கேனில் உறுதியான 257 பெரியவர்களுக்கு 3 நாள் ஊசியாகவும் 7 நாள் மாத்திரையாகவும் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் நூற்றுக்கு 27 பேருக்கு அறுவை தேவைப்பட்டது. ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 39 பேர். மற்றவர்கள் தப்பினார்கள். மோசமில்லை!

ஆனால் குடல்வாலை மலக்கல் அடைத்திருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. மருந்து கிருமியைக் கொல்லும், கல்லைக் கரைக்காது. அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் ஏறிச் சுவர் கிழியலாம். கல் தெரிந்தால் அறுவையே மேல்.

வலது அடிவயிறு வலித்தால் வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டுப் படுக்காதீர்கள்; மருந்தா கத்தியா என்பதை ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.