கறுத்த சட்டி எதனால் ஆனது?

பல வருடம் அடுப்பேறிய சட்டி எதுவானாலும் கறுத்துத்தான் போகும். எண்ணெய் ஊறிய மண்சட்டி, வார்ப்பிரும்புக் கடாய், கல்சட்டி, கரி படிந்த அலுமினியக் கடாய் எல்லாம் படத்தில் ஒரே நிறமாகத் தெரியும். அதனால் படத்தைப் பார்த்துப் பாத்திரத்தை அடையாளம் காண்பவர்கள் நிறத்தை நம்புவதில்லை. முதலில் விளிம்பையும் காதையும் பார்க்கிறார்கள். பாத்திரத்தை எப்படிச் செய்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

வார்ப்பிரும்பு, உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றிச் செய்வது. அதனால் காதும் உடலும் ஒரே வார்ப்பு; ஆணி இருக்காது. விளிம்பு தடிமனாக இருக்கும். தேய்த்து மெருகேற்றாத இடங்களில் மணலின் பொறிப்பொறியான தடம் தெரியும். தகட்டை அடித்துச் செய்த இரும்புச் சட்டிக்கோ விளிம்பு மெல்லியது, காதை ஆணி அடித்து முறுக்கியிருப்பார்கள், உடலில் சுத்தியல் பட்ட குழிகளும் இருக்கும்.

இங்கே ஏமாற ஓர் இடம் உண்டு. இண்டாலியம் என்று கடையில் கேட்டு வாங்கும் தடித்த அலுமினியக் கடாயும் வார்ப்புதான். அதிலும் காது ஒட்டாகவே வரும். அப்போது கீறல் கைகொடுக்கும். கரண்டி உரசிய இடம் வெள்ளியாக மின்னினால் அலுமினியம் என்று சந்தேகிக்கலாம். ஈரம் தங்கிய மூலையில் செம்பழுப்புத் துரு இருந்தால் இரும்பு. அலுமினியம் செந்துரு பிடிக்காது. அரித்தால் வெள்ளைப் பொடிதான் பூக்கும்.

மண்சட்டியைக் காட்டிக்கொடுப்பது உள்பக்கம். சக்கரத்தில் சுற்றும்போது குயவர் விரல் பதிந்த வளைய வரிகள் அங்கே மெலிதாக இருக்கும். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் பெரும்பாலும் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும். கல்சட்டி சுவர் இன்னும் பருமன். பெயர்ந்த இடம் சாம்பல் நிறம்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மேடையில் கறுப்புக் கடாய், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். விளிம்பின் தடிமன் நாணயத்தின் தடிமனைப் போல மூன்று மடங்கு. காதில் ஆணி இல்லை. இதுவரை வார்ப்பிரும்பாகவும் இருக்கலாம், இண்டாலியமாகவும் இருக்கலாம். காதுக்கு அடியில் மிளகளவு செம்பழுப்புப் புள்ளி இருக்கிறது, சுற்றிலும் பொறிப்பொறியான பரப்பு. அங்கே வார்ப்பிரும்பு என்று முடிவாகிறது. ஆனால் அந்தப் புள்ளி காய்ந்த குழம்பாக இருந்தால் முடிவு தலைகீழாகிவிடும். நெருங்கி எடுத்த இன்னொரு படம் அந்த ஐயத்தைத் தீர்க்கும். குழம்பு மேலே மேடாக நிற்கும், துரு பரப்போடு பரப்பாகக் கறையாகப் படிந்திருக்கும்.

எனாமல் பூசிய பாத்திரத்தில் இந்தத் தடயங்கள் மறைந்துவிடும். பூச்சு உதிர்ந்த இடம் கிடைத்தால்தான் உண்டு. எடையும் படத்தில் வராது. சந்தேகம் தீராவிட்டால் பாத்திரத்தின் பக்கவாட்டில் காந்தம் வைத்து எடுத்த படம் கேட்கலாம். காந்தம் ஒட்டினால் அலுமினியமும் மண்ணும் கழிந்துவிடும். அடியில் வைத்தால் ஏமாறலாம். மின்காந்த அடுப்புக்கான அலுமினியப் பாத்திரங்களில் அடியில் காந்தம் ஒட்டும் எஃகுத் தகடு பதித்திருப்பார்கள்.