ஹாப்புக்கு வெட்டும் இடத்தில்தான் கல் உடைகிறது

எட்டடி நீளம், இரண்டடி அகலம், 20 மில்லிமீட்டர் தடிமன். இந்த அளவில் ஒரு கிரானைட் ஸ்லாப் ஏறத்தாழ 80 கிலோ இருக்கும். மேலே எவ்வளவு பாரம் வைத்தாலும் நசுங்காத கல் இது. ஆனால் வளைவை மட்டும் தாங்காது. அடியில் பிடிமானம் இல்லாத இடத்தில் பாரம் இறங்கினால், கல்லின் அடிப்பக்கம் இழுபட்டு அங்கிருந்து விரிசல் கிளம்பும். குவார்ட்ஸ் சற்று வளைந்து கொடுக்கும் என்றாலும் அதற்கும் இதே கதைதான்.

பழைய முறையில் செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் கடப்பா கல் போட்டு, சிமென்ட் கலவை பரப்பி கிரானைட்டை உட்கார வைப்பார்கள். கல்லின் அடி முழுவதும் பிடிமானம் இருக்கும். இப்போது கீழே அலமாரிகள் வருவதால், பல வீடுகளில் சுவரில் அடித்த இரும்பு பிராக்கெட்டுகளே கல்லைத் தாங்குகின்றன. அவற்றை எங்கே அடிப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது.

எட்டடி மேடைக்கு இரண்டடிக்கு ஒன்று என்று அளந்து பிராக்கெட் அடிப்பது வழக்கம். கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் இடது ஓரத்திலிருந்து இரண்டடியை மையமாக வைத்து ஹாப் வருகிறது என்று கொள்வோம். 22 அங்குல அகலமுள்ள அதன் திறப்பு 13ஆம் அங்குலத்தில் தொடங்கி 35இல் முடியும். 24ஆம் அங்குலத்தில் நிற்கும் பிராக்கெட், ஹாப்பின் அடிப்பாகத்தில் நேராக இடிக்கும். அதைக் கழற்றிவிட்டால் நான்கடி தூரத்துக்குத் தாங்கல் இல்லை. கல் மிக மெலிந்திருக்கும் இடமும் அதுவே. 24 அங்குல ஆழமுள்ள மேடையில் 19 அங்குலம் வெட்டிய பிறகு, முன்னால் இரண்டரை, பின்னால் இரண்டரை அங்குலப் பட்டைகள்தான் மிஞ்சும்.

ஆகவே திறப்புகளை முதலில் குறித்துவிட்டு, அவற்றுக்கு ஏற்ப பிராக்கெட்டுகளை அமைக்க வேண்டும். இந்த மேடையில் ஹாப்புக்கு இருபுறமும் மூன்று அங்குலம் தள்ளி, 10ஆம் 38ஆம் அங்குலங்களில் இரண்டு. சிங்க் திறப்பு 60 முதல் 84 அங்குலம் வரை என்றால் 57இலும் 87இலும் இன்னும் இரண்டு. இரு முனைகளும் சுவரில் அமர்ந்துவிடும். முன்பட்டைக்கு அடியில் இரும்பு ஆங்கிள் ஒன்றை பிராக்கெட்டுக்கு பிராக்கெட் ஓடவிட்டால் மெலிந்த பகுதிக்கும் தாங்கல் கிடைக்கும். சுவர் எடை குறைந்த பிளாக்கால் கட்டியதென்றால் சாதாரண போல்ட் நாளடைவில் தளர்ந்துவிடும். அங்கே தரையில் ஊன்றிய கால்களோடு இரும்புச் சட்டம் அடிப்பதே பாதுகாப்பு.

அடுத்தது, வெட்டும் முறை. திறப்பின் மூலைகள் கூர்மையாக இருக்கக் கூடாது. கல்லின் இழுவிசை முழுவதும் கூர்மூலையில் குவிந்து, அங்கிருந்து குறுக்காக விரிசல் ஓடும். நல்ல கல் தச்சர் நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளை போடுவார். பிறகு பிளேடை ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரை மட்டும் ஓட்டுவார். துளை இல்லாமல் வெட்டினால் என்ன ஆகும்? பிளேடு வட்டமானது. கல்லின் அடிவரை மூலையை வெட்ட, மேற்பரப்பில் மூலையைத் தாண்டிச் சென்றாக வேண்டும். அந்தக் கீறலே விரிசலுக்கு வாசல். வேலை முடிந்ததும் மூலையில் தண்ணீர் தடவித் துடைத்துப் பாருங்கள். சுற்றிலும் காய்ந்த பிறகும் கருத்த கோடாக நின்றால், அது கல்லின் இயல்பான ரேகை இல்லை, விரிசலாக இருக்கலாம்.

குவார்ட்ஸில் கல்தூளைப் பிணைப்பது ரெசின் என்பதால் அதிகச் சூடு ஆகாது. ஹாப்பின் உலோக உடல் கல்லில் ஒட்டாதபடி சுற்றிலும் சிறு இடைவெளி விட வேண்டும். எவ்வளவு என்பது ஹாப்போடு வரும் கையேட்டில் இருக்கும். கொதிக்கும் கடாயையும் நேராக அதன்மேல் வைக்கக் கூடாது. வெட்டும் தூசி இன்னும் பெரிய கவலை. பல குவார்ட்ஸ் ஸ்லாப்களில் சிலிகா 90 சதவீதத்தைத் தொடும். அந்தத் தூசி நுரையீரலை மீளமுடியாமல் கெடுப்பதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைச் செயற்கைக் கல்லைத் தடை செய்தது. வீட்டுக்குள் உலர்வாக வெட்ட யாரையும் அனுமதிக்கக் கூடாது. தண்ணீர் விட்டு வெட்டுவதும் சரியான முகமூடியும் அந்தத் தொழிலாளியின் உயிருக்காக.

சிங்க்கை மேடைக்கு அடியிலிருந்து பொருத்துவதாக இருந்தால், சிலிகானை மட்டும் நம்பக் கூடாது. 24க்கு 18 அங்குலத் தொட்டி ஒன்பது அங்குல ஆழம் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 60 லிட்டரைத் தாண்டும். கிளிப்போடு அடியில் ஒரு சட்டமும் தாங்க வேண்டும்.

எல் வடிவ மேடையில் ஜாயின்ட்டைத் தவிர்க்க முடியாது. அதை சிங்க்கிலிருந்து தள்ளி வைத்து, அடியில் இருபக்கக் கல்லும் ஒரே தாங்கலில் அமரச் செய்ய வேண்டும். ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, மட்டம் சரிசெய்து, தூசியைத் துடைத்த பிறகே கல்லின் நிறத்தில் கலந்த எபாக்சியைச் சற்று மேடாக நிரப்புவார்கள். இறுகியதும் பிளேடால் சீவுவார்கள். நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது. வெள்ளை சிமென்ட் பூசினால் சுருங்கி, மஞ்சள் பிசிறு தங்கும் பள்ளமாகிவிடும்.

சுவரும் மேடையும் சேரும் கோட்டில் மட்டும் எபாக்சி வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசைபவை, இறுகிய பூச்சு அங்கே வெடித்துவிடும். பூஞ்சை பிடிக்காத சிலிகானை ஒரே இழுப்பாக ஓட்டி, ஒரு நாள் தண்ணீர் படாமல் விட்டால் போதும்.