கம்பெனி மூழ்கினால் யாருக்கு முதல் பந்தி?

2016 ஜனவரி முதல் வாரம். கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த கிஃப்ட் கார்டை எடுத்துக்கொண்டு சிட்னியிலும் மெல்பனிலும் டிக் ஸ்மித் கடைகளுக்குப் போனவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது: "இந்த கார்டு இனி செல்லாது." கடை திறந்திருக்கிறது, டிவியும் ஹெட்ஃபோனும் அலமாரியில் அடுக்கியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே காசு கொடுத்தவருக்குப் பொருள் கிடையாது. இது என்ன நியாயம் என்று பலர் கொதித்தார்கள். நியாயமோ இல்லையோ, சட்டம் அதுதான்.

1968இல் சிட்னியில் கார் ரேடியோ கடையாகத் தொடங்கிய நிறுவனம் டிக் ஸ்மித். பிறகு வூல்வொர்த்ஸ் கைக்குப் போய், 2012இல் ஆங்கரேஜ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் கைமாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பங்கு 2.20 டாலர் என்ற விலையில் சந்தைக்கு வந்தது. அப்போது கம்பெனியின் மதிப்பு 520 மில்லியன் டாலர். இரண்டே ஆண்டுகளில், விற்காத சரக்கு குவிந்து, கடன் கழுத்தை நெரித்தது. 2016 ஜனவரி முதல் வாரத்தில் நிர்வாகிகள் பொறுப்பேற்றார்கள். அதையொட்டியே கடன் கொடுத்த வங்கிகளான நாபும் எச்.எஸ்.பி.சி.யும் தங்கள் சார்பில் ரிசீவர்களை நியமித்தன. வங்கிகளுக்கு வரவேண்டியது சுமார் 140 மில்லியன் டாலர்.

வாங்க ஆள் கிடைக்கவில்லை. பிப்ரவரி கடைசியில் எல்லாக் கடைகளையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 2,900 பேருக்கு வேலை போயிற்று. ஆனால் அந்த ஊழியர்களுக்குச் சேரவேண்டிய பாக்கி முழுசாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதாக ரிசீவர்கள் சொன்னார்கள். கிஃப்ட் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் பங்கு வைத்திருந்தவர்களுக்கும் அப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? பந்தி வரிசையில்தான் விஷயம் இருக்கிறது.

பிணையம் எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர், கம்பெனியின் சொத்துமேலேயே உரிமை வைத்திருக்கிறார். வீட்டுக்கடன் கட்டாவிட்டால் வங்கி வீட்டை விற்பதில்லையா, அதே மாதிரிதான். மற்றவர்கள் எல்லோரும் கம்பெனி கொடுத்த வாக்கை மட்டும் நம்பியவர்கள். இதை மட்டும் பார்த்தால் வங்கிதான் எப்போதும் முதல் ஆள். ஆனால் ஆஸ்திரேலியச் சட்டம் இங்கே ஒரு கோடு போடுகிறது. கடைச் சரக்கு, வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கி போன்று அன்றாடம் வந்து போகும் சொத்து ஒரு வகை. கட்டடம், இயந்திரம் போல நிலையாக நிற்கும் சொத்து இன்னொரு வகை. முதல் வகையில் கிடைக்கும் காசில், வங்கிக்கு முன்னால் ஊழியர்கள் நிற்கிறார்கள். இரண்டாவது வகையில் வங்கிதான் முன்னால். டிக் ஸ்மித்தில் இருந்ததோ பெரும்பாலும் சரக்கு. ஊழியர்களுக்கு நம்பிக்கை கொடுத்ததும் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெண்டில் ஹில்லில் ஒரு மளிகைக்கடை கம்பெனி மூழ்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சொத்தும் வங்கியிடம் பிணையில் இருக்கிறது. வங்கிக் கடன் 2,50,000 டாலர், ஊழியர் பாக்கி 80,000, அரிசி மொத்த வியாபாரி போன்றவர்களுக்கு 1,50,000. சரக்கை விற்று 2,00,000 வருகிறது, குளிர்பதன அறையையும் இயந்திரங்களையும் விற்று 1,00,000. சரக்குக் காசில் ஊழியர்கள் 80,000 முழுசாக எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 1,20,000, இயந்திரக் காசு 1,00,000, ஆக 2,20,000 வங்கிக்கு. வங்கிக்கே 30,000 துண்டு விழுகிறது.

இப்போது கணக்கைக் கொஞ்சம் மாற்றுவோம். மொத்தம் அதே 3,00,000தான். ஆனால் சரக்கில் 50,000, இயந்திரத்தில் 2,50,000. ஊழியர்களுக்கு 50,000தான் கிடைக்கும், 30,000 போச்சு. வங்கிக்கு முழுக்கடனும் வந்துவிட்டது. காசு அதே அளவு, ஆனால் அது எந்த வடிவத்தில் இருந்தது என்பதுதான் யார் தலை தப்பியது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு கணக்கிலும் அரிசி வியாபாரிக்கும் கடை முதலாளிக்கும் பூஜ்ஜியம். இதில் லிக்விடேட்டரின் செலவையும் கூலியையும் நான் சேர்க்கவில்லை. நிஜத்தில் அதுவும் பந்தியில் முன்னாலேயே உட்கார்ந்துவிடும்.

ஊழியர் பாக்கிக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் சம்பளமும் சூப்பரும், பிறகு விடுப்புக் காசு, கடைசியில் ஆட்குறைப்புத் தொகை. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: கம்பெனி இயக்குநரும், அவருடைய மனைவி அல்லது கணவரும், நெருங்கிய ரத்த உறவினர்களும் அதே கடையில் வேலை பார்த்தால், அவர்களுக்குச் சம்பளத்தில் 2,000 டாலர், விடுப்பில் 1,500 டாலர் வரைதான் இந்த முன்னுரிமை. அண்ணன் கடையில் மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் உழைத்தேன் என்பவர், மீதிக்கு அரிசி வியாபாரியோடு சேர்ந்து பின்வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பங்குதாரர் ஏன் கடைசி? லாபம் வந்தால் அதற்கு வரம்பில்லை, அது முழுக்க அவருக்கு. வங்கிக்கு வட்டிக்குமேல் ஒரு காசு கிடையாது. அதனால் நட்டத்தை முதலில் அவர் தாங்க வேண்டும் என்பது தர்க்கம். "பொய்க் கணக்கு காட்டி என்னை வாங்க வைத்தார்கள்" என்று சொன்னாலும்? 2007இல் சன்ஸ் ஆஃப் குவாலியா என்ற தங்கச்சுரங்கக் கம்பெனி வழக்கில், ஏமாற்றப்பட்ட பங்குதாரரும் சாதாரணக் கடன்காரர்களுக்குச் சமமாக நிற்கலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர்கள் பதறினார்கள். 2010இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அவர்களை மறுபடியும் கடைசி வரிசைக்கே அனுப்பியது.

சொத்தே இல்லாமல் கம்பெனி மூழ்கினால் ஊழியர் முன்னுரிமையை வைத்து என்ன செய்வது? அதற்காகத்தான் ஃபெக் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. சம்பள பாக்கி 13 வாரம் வரை, விடுப்பு, நோட்டீஸ் காசு, ஆட்குறைப்புத் தொகை ஆகியவற்றை வரம்புக்குள் அரசே கொடுத்துவிட்டு, ஊழியரின் இடத்தில் தான் வரிசையில் நின்றுகொள்ளும். ஆனால் சூப்பர் இதில் சேராது. அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. குடிமக்கள், நிரந்தர விசாக்காரர்கள், நியூசிலாந்துக்காரர்களுக்கான சிறப்பு விசாவில் இருப்பவர்கள், இவர்களுக்கு மட்டும்தான் இந்தத் திட்டம். மாணவர் விசாவில் சமையலறையில் நிற்கும் பையனுக்கும், பிரிட்ஜிங் விசாவில் பத்து வருஷமாகக் காத்திருக்கும் ஈழத்து அண்ணனுக்கும் ஒன்றும் கிடையாது. அவர்களும் வரி கட்டுகிறார்கள். திவால் சட்டத்தின் வரிசை விசாவைக் கேட்பதில்லை. அரசின் உதவித் திட்டம் மட்டும் கேட்கிறது. இதை மாற்றச் சொல்லி நம் அமைப்புகள் உரக்கப் பேச வேண்டும் என்பேன்.

அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சம்பள ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். சூப்பர் உண்மையில் வந்து சேர்கிறதா என்று மைகவ் கணக்கில் பாருங்கள். தள்ளாடும் கம்பெனி முதலில் நிறுத்துவது பெரும்பாலும் அதைத்தான். கடை மூடினால், விசா எதுவானாலும், லிக்விடேட்டரிடம் உங்கள் பாக்கியை எழுத்தில் பதியுங்கள். ஃபெக் கிடைக்கும் தகுதி இருந்தால், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் வியாபாரிகள், காசு வரும்வரை சரக்கு தங்களுடையதே என்று ஒப்பந்தத்தில் எழுதி, சரக்கு கைமாறும் முன்பே அதை பி.பி.எஸ்.ஆர். என்ற பிணையப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்தால் போதும் என்று நினைத்துப் பதியாமல் விட்டவர்கள், தாங்கள் கொடுத்த மூட்டைகளை லிக்விடேட்டர் விற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.